வாடகை நூல்நிலையத்துக்கு அட்டவணை அமைத்தல்: ‘புத்தகம்’ என்பது ஓர் அட்டவணையா, இரண்டா?

திண்ணைவாசி

வணக்கம். கும்பகோணத்தில் என் தாய்மாமா ஒரு சிறிய வாடகை நூல்நிலையம் நடத்துகிறார். இதுவரை எல்லாக் கணக்கும் நீள நோட்டுகளில்தான். அதைக் கணினிக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் நடைமுறையை எழுதித் தரும்படி கேட்டேன். அவர் எழுதித் தந்ததை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே தருகிறேன்.

> நம்மிடம் ஏறக்குறைய 4,000 புத்தகங்கள் உள்ளன. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஊதா மையில் ஓர் எண் குத்தியிருப்பேன். அந்த எண் பெரிய பதிவேட்டிலும் இருக்கும். அதிகம் பேர் கேட்கும் நாவல்களில் இரண்டு மூன்று பிரதிகள் உண்டு. சேருபவர் 300 ரூபாய் முன்பணம் கட்டி அட்டை வாங்குவார். விலகும்போது பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த அட்டை எண்ணை அடுத்து வருபவருக்குக் கொடுப்பேன். ஓர் அட்டைக்கு ஒரே நேரத்தில் இரண்டு புத்தகங்கள். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. 15 நாளில் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு ஒரு ரூபாய். வெளியே போயிருக்கும் புத்தகத்தை யாராவது கேட்டால் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, வந்ததும் போன் செய்வேன். பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த பைண்டிங்குகளும் 300 போல இருக்கும்.

இதைப் படித்ததும் புத்தகம், உறுப்பினர், கடன் என்று மூன்று அட்டவணைகள் போதும் என்று தோன்றியது. எஸ்க்யூலைட்டில் தொடங்கி, புத்தக அட்டவணைக்கு முத்திரை எண்ணை பிரைமரி கீயாக வைத்தேன். ஆனால் ஒரே நாவலின் மூன்று பிரதிகளை உள்ளிட்டபோது நாவலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மூன்று முறை தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் முறை ஆசிரியர் பெயரில் புள்ளி ஒன்று விடுபட்டுவிட்டதால், தேடும்போது இரண்டு பிரதிகள் மட்டுமே வந்தன. எங்கே பிழை செய்கிறேன்?

கோடெழுதி

இது மிகவும் எளிய சிக்கல்தான். புத்தகத்துக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட அடையாளம் ஐஎஸ்பிஎன். அதையே பிரைமரி கீயாக வைத்து, எத்தனை பிரதிகள் என்பதற்கு ஓர் எண்ணிக்கைப் புலம் சேர்த்துவிடுங்கள். கடன் கொடுக்கும்போது எண்ணிக்கையில் ஒன்று குறையும், திரும்பும்போது ஒன்று கூடும். பெயரை மூன்று முறை தட்டச்சு செய்வது உங்கள் தவறுதான். ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்.

நெய்தல்

கோடெழுதியின் கடைசி வாக்கியம் சரி. நாவலின் பெயர் ஒரே இடத்தில் இருந்திருந்தால் புள்ளி விடுபட்டதால் வந்த தொல்லை இருந்திருக்காது. அதற்கு அவர் சொல்லும் வழியைத்தான் ஏற்க முடியவில்லை.

திண்ணைவாசி, உங்கள் மாமா எழுதியதில் ‘புத்தகம்’ என்ற சொல் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். “4,000 புத்தகங்கள்” என்னும்போது அவர் அலமாரியில் இருக்கும் கட்டுகளை எண்ணுகிறார். முத்திரை குத்தப்படுவதும் “ஓர் அட்டைக்கு இரண்டு புத்தகங்கள்” என்று வீட்டுக்குப் போவதும் அந்தக் கட்டுகள்தான். ஆனால் “வெளியே போயிருக்கும் புத்தகத்தை யாராவது கேட்டால்” என்னும் இடத்தில் கேட்பவருக்கு எந்தக் கட்டு வந்தாலும் ஒன்றுதான்; அவர் கேட்பது நாவலை. ஒரே சொல் இரண்டு பொருள்களைக் குறிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே நூல் ஓர் அட்டவணை, பிரதி இன்னோர் அட்டவணை. பெயரும் ஆசிரியரும் நூலில் இருக்கும். முத்திரை எண் பிரதியில் இருக்கும். கடன் என்பது பிரதியைச் சுட்டும், முன்பதிவு என்பது நூலைச் சுட்டும்.

எண்ணிக்கைப் புலம் ஏன் போதாது என்பதற்கு உங்கள் மாமாவின் கடையில் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாவலின் மூன்று பிரதிகளும் வெளியே இருக்கின்றன. ஒன்று திரும்பி வருகிறது, அதில் 40 பக்கங்கள் இல்லை. அதை யார் கொண்டுபோனார், அதற்கு முன் யாரிடம் இருந்தது என்று கேட்டால் ‘எண்ணிக்கை 1’ என்ற பதிவால் பதில் சொல்ல முடியாது.

அண்டாகுண்டா

நான் பாத்திர வாடகைக் கடை நடத்துகிறேன். கல்யாணத்துக்கு 200 தட்டு, 6 அண்டா, 40 நாற்காலி என்று போகும். எங்கள் மென்பொருளில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது, ஒரு சிக்கலும் இல்லை. 200 தட்டு போய் 197 திரும்பினால் மூன்றுக்குப் பணம் பிடிப்போம். எந்த மூன்று என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் எண் கொடுத்து உட்கார்ந்திருந்தால் முகூர்த்தமே முடிந்துவிடும். நூலகத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுற்று?

நெய்தல்

உங்கள் கடைக்கு எண்ணிக்கைதான் சரி, ஐயா. ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் வேறுபாடு காட்ட உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் தட்டில் பெயர் வெட்டியிருப்பீர்களே, அது கடையின் பெயர். தட்டின் எண் அன்று. இவருடைய மாமாவோ ஒவ்வொரு பிரதியிலும் தனி எண் குத்திவிட்டார். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்ற முடிவை அவர் கணினி வருவதற்கு முன்பே எடுத்தாயிற்று. நாம் அந்த முடிவை அட்டவணையில் எழுதுகிறோம், அவ்வளவுதான். உங்கள் கடையிலும் ஜெனரேட்டர் வாடகைக்குப் போனால் எது போயிற்று என்று குறித்துக்கொள்வீர்கள் என்றே நினைக்கிறேன்.

அண்டாகுண்டா

ஜெனரேட்டர் இரண்டு உண்டு, இரண்டுக்கும் பெயின்டில் எண் போட்டிருக்கிறோம். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பதிவேடு_பாட்டையா

அரசு நூலகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்த ஊதா எண்ணை நாங்கள் அக்செஷன் எண் என்போம். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு கட்டுக்கும், வந்த வரிசையில், ஒரு எண். ஒரே நூலில் ஐந்து பிரதிகள் ஒரே நாளில் வந்தாலும் ஐந்து எண்கள்; மூன்று தொகுதிகள் கொண்ட நூல் என்றால் மூன்று எண்கள். பிரதி கிழிந்து கழிக்கப்பட்டாலும், தொலைந்தாலும், அந்த எண்ணை வேறு நூலுக்குக் கொடுக்கக் கூடாது. பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் ‘கழிக்கப்பட்டது’ என்று நாளோடு எழுதுவோம், வரியை அடிக்க மாட்டோம். இந்த ஒழுங்கை உங்கள் மாமா கடைப்பிடித்திருந்தால், அதைவிட நல்ல திறவுகோல் உங்களுக்குக் கிடைக்காது. கடைப்பிடித்தாரா என்பதை முதலில் கேளுங்கள்.

ஐஎஸ்பிஎன் பற்றி ஒன்று. அந்த முறை 1970இல்தான் உலகத் தரமாக வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் அது இருக்க வழியில்லை. பின்னர் வந்த தமிழ் நூல்களிலும் நெடுங்காலம் பலவற்றில் இல்லை. வாடகை நூல்நிலையத்தில் பாதி அலமாரிக்கு அந்த எண்ணே இருக்காது.

கோடெழுதி

இல்லாதவற்றுக்கு நாமே ஒரு போலி எண் கொடுத்துவிடலாமே? மற்றபடி இருக்கிற இடத்தில் அது தனித்துவமானதுதானே?

நெய்தல்

போலி எண் கொடுக்கும் நாளிலேயே அது ஐஎஸ்பிஎன்னாக இருப்பது நின்றுவிடுகிறது; நாம் உருவாக்கிய எண்ணாகிவிடுகிறது. அப்படியென்றால் நேர்மையாக நம் எண்ணையே எல்லா நூலுக்கும் வைத்துவிடலாம்.

இருக்கிற இடத்திலும் சிக்கல் உண்டு. 2007 ஜனவரி முதல் அந்த எண் 13 இலக்கமாயிற்று. அதற்கு முன் 10 இலக்கம். பழைய அச்சில் 10 இலக்கம், மறு அச்சில் அதே நூலுக்கு 978 என்று தொடங்கும் 13 இலக்கம் என்றால், உள்ளிடுபவர் கண்ணில் படுவதை அடிப்பார். ஒரு நூல் இரண்டாகிவிடும். 10 இலக்க எண்ணின் கடைசி இடத்தில் சில வேளை எக்ஸ் என்ற எழுத்து வரும், ஆகவே அதை எண்ணாகச் சேமிக்கவும் முடியாது. சிறிய பதிப்பகங்கள் ஒரு நூலுக்கு வாங்கிய எண்ணை அடுத்த நூலின் பின்னட்டையிலும் அப்படியே அச்சிட்டதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் புலம் இருக்கட்டும், தேட உதவும். காலியாக இருக்கலாம், இரண்டு முறை வரவும் செய்யலாம். அடையாளத்தை மட்டும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

```sql
CREATE TABLE title (
  title_id INTEGER PRIMARY KEY,
  name     TEXT NOT NULL,
  author   TEXT,
  isbn     TEXT
);
CREATE TABLE copy (
  acc_no       INT NOT NULL PRIMARY KEY,
  title_id     INT NOT NULL REFERENCES title(title_id),
  price        INTEGER,
  withdrawn_on TEXT
);
```

முதல் அட்டவணையில் `INTEGER` என்றும் இரண்டாவதில் `INT` என்றும் எழுதியிருப்பது கைத்தவறு அன்று. எஸ்க்யூலைட்டில் `INTEGER PRIMARY KEY` என்று எழுதிவிட்டு, உள்ளிடும்போது மதிப்பைக் கொடுக்க மறந்தால் அது தானாகவே அடுத்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். நூலுக்கு நாமே உருவாக்கும் எண் என்பதால் அது வசதி. பிரதியின் எண்ணோ ஏற்கெனவே முதல் பக்கத்தில் மையால் குத்தப்பட்டிருக்கிறது. அதை அடிக்க மறந்தால் கணினி ஓர் எண்ணைக் கற்பனை செய்யாமல் மறுக்க வேண்டும். `INT NOT NULL` அதைத்தான் செய்யும்.

திண்ணைவாசி

விலையை ஏன் பிரதியில் வைத்தீர்கள்? ஒரு நாவலுக்கு ஒரு விலைதானே என்று நினைத்தேன்.

நெய்தல்

அதை உங்கள் அலமாரியிடமே கேட்கலாம். மூன்று பிரதிகள் வைத்திருக்கும் ஏதாவது ஒரு நாவலை எடுத்து, மூன்றின் பின்னட்டையையும் பாருங்கள்.

திண்ணைவாசி

பார்த்தேன். முத்திரை எண் 611இல் 45 ரூபாய், 1902இல் 90 ரூபாய், 3340இல் 160 ரூபாய். மூன்றும் ஒரே நாவல், ஒரே பதிப்பகம், வேறு வேறு ஆண்டு அச்சு. மாமாவிடம் கேட்டால், அந்தந்தப் பிரதியில் அச்சிட்ட விலைக்குத்தான் வாடகை வாங்குவாராம். அதனால் வாடிக்கையாளர்கள் கிழிந்திருந்தாலும் 611தான் வேண்டும் என்று கேட்பார்களாம்.

நெய்தல்

அப்படியானால் விலை முத்திரை எண்ணைச் சார்ந்தது, நாவலைச் சார்ந்தது அன்று. ஒரு புலம் எந்த அட்டவணைக்குப் போக வேண்டும் என்று குழப்பம் வந்தால், எதைத் தெரிந்துகொண்டால் இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். ‘நாவல் எது’ என்று மட்டும் சொன்னால் உங்களால் விலையைச் சொல்ல முடியாது. ‘1902’ என்று சொன்னால் முடியும்.

வாடகைத் தொகையைக் கடன் அட்டவணையில் தனியாக எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு என்று எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் 45இல் பத்தில் ஒன்று நான்கரை ரூபாய். உங்கள் மாமா 5 வாங்குவாரா 4 வாங்குவாரா என்பது அன்றைய மனநிலை. அடுத்த ஆண்டு அவர் பங்கை மாற்றினால், பழைய கடன்களின் வரவும் சேர்ந்து மாறிவிடக் கூடாது. வாங்கிய பணம் நடந்து முடிந்த செய்தி. அதைச் சூத்திரத்திடம் விட முடியாது.

இறுதியாண்டு

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் கல்லூரியில் நூலக மேலாண்மை என்ற இதே புராஜெக்ட்தான். ஆசிரியர், மாணவர், துறை, தண்டத்தொகை எல்லாம் சேர்த்து முழு நிரலும் யாராவது அனுப்ப முடியுமா? வெள்ளிக்கிழமை வைவா இருக்கிறது.

கோடெழுதி

தம்பி, இங்கே நிரல் இல்லை, அட்டவணை மட்டும்தான் பேசுகிறோம். துறை என்ற ஒன்று உங்கள் கல்லூரியில் இருக்கும், இந்தக் கடையில் இல்லை. உங்கள் நூலகரிடம் இதுபோல் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு தனி இழை தொடங்குங்கள்.

நெய்தலிடம் ஒரு கேள்வி. நூலும் பிரதியும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடன் அட்டவணைக்கு முத்திரை எண்ணையும் உறுப்பினர் எண்ணையும் சேர்த்துக் கூட்டுத் திறவுகோலாக வைக்கலாம் அல்லவா? பாடத்தில் பலவுக்குப் பல உறவை அப்படித்தான் அமைப்போம்.

திண்ணைவாசி

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், நேற்று அது உடைந்தது. பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு ஆடி மாதமும் அதே பைண்டிங்கை எடுத்துப் படிப்பாராம். சென்ற ஆண்டுக் கடனை உள்ளிட்ட பிறகு இந்த ஆண்டுக் கடனை ஏற்க மறுத்துவிட்டது.

கோடெழுதி

அப்படியென்றால் கொடுத்த தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முத்திரை எண், தேதி இரண்டும் போதும்.

பதிவேடு_பாட்டையா

வாடகை நூல்நிலையத்தில் அது நிற்காது. காலையில் திருப்பிய வார இதழ் பைண்டிங் மாலையில் இன்னொருவர் கையில் இருக்கும். கோடை விடுமுறையில் ஒரு சிறுவர் கதைப் புத்தகம் ஒரே நாளில் மூன்று வீட்டுக்குப் போய் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கோடெழுதி

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். `loan_id` என்று தானாகக் கூடும் எண்ணை வைத்துவிடுங்கள், எல்லாச் சிக்கலும் தீர்ந்தது. உண்மையில் எல்லா அட்டவணைக்கும் அதையே வைத்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம்.

நெய்தல்

பாதி தீரும். `loan_id` வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, நானும் அதைத்தான் வைப்பேன். ஆனால் அது எதையும் தடுக்காது என்பதையும் பார்க்க வேண்டும். பிரதி 1902 ஓர் உறுப்பினர் பெயரில் இருக்கும்போதே, திரும்பியதைப் பதிவு செய்ய மறந்து, இன்னொருவர் பெயரில் 1902ஐ அடித்தால், கணினி 5871 என்றும் 5872 என்றும் இரண்டு வரிகளை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். ஒரு கட்டு இரண்டு வீட்டில் இருக்க முடியாது. அதைச் சொல்லும் விதி எங்கேயும் எழுதப்படவில்லை.

அந்த விதியை வேறு வகையாக எழுதலாம். ஒரு பிரதிக்கு எத்தனை கடன்கள் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் இன்னும் திரும்பாத கடன் ஒன்றுதான் இருக்கலாம். எஸ்க்யூலைட் இதை நேரடியாகவே ஏற்கும்.

```sql
CREATE TABLE loan (
  loan_id     INTEGER PRIMARY KEY,
  acc_no      INT NOT NULL REFERENCES copy(acc_no),
  member_id   INT NOT NULL REFERENCES member(member_id),
  lent_on     TEXT NOT NULL,
  due_on      TEXT NOT NULL,
  returned_on TEXT,
  fee         INTEGER NOT NULL
);
CREATE UNIQUE INDEX one_open_loan
  ON loan(acc_no) WHERE returned_on IS NULL;
```

பாட்டியின் சென்ற ஆண்டு ஆடிக் கடனில் `returned_on` நிரம்பியிருப்பதால் அந்த வரி `one_open_loan` என்ற குறியீட்டுக்குள்ளேயே வராது. இந்த ஆண்டுக் கடன் தடையின்றிப் போகும். காலையில் திரும்பி மாலையில் போவதும் போகும். திரும்பாத பிரதியை மறுபடி கொடுத்தால் `UNIQUE constraint failed: loan.acc_no` என்று நிற்கும். அப்போது உங்கள் மாமா செய்ய வேண்டியது ஒன்றுதான்: முந்தைய கடனைப் பார்த்து, அது திரும்பிவிட்டதா என்று முடிவு செய்வது. புத்தகம் அவர் கையில்தானே இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். எஸ்க்யூலைட்டில் `REFERENCES` என்று எழுதியதாலேயே அது சரிபார்க்கப்படும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் முதலில் `PRAGMA foreign_keys = ON;` என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத பிரதிக்கும் கடன் எழுதலாம். ‘ஓர் அட்டைக்கு இரண்டு புத்தகங்கள்’ என்ற விதி இந்த வகைக் குறியீட்டுக்குள் அடங்காது, ஏனென்றால் இது ஒன்றா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும். இரண்டு வரை எண்ணாது. அதை நிரலிலோ டிரிகரிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்ணைவாசி

`member_id` என்று புதிதாக வைத்திருக்கிறீர்கள். அட்டை எண்ணே இருக்கிறதே? அல்லது கைபேசி எண்?

பதிவேடு_பாட்டையா

உங்கள் மாமா எழுதியதை மறுபடி படியுங்கள். விலகியவரின் அட்டை எண்ணை அடுத்தவருக்குக் கொடுப்பதாக அவரே எழுதியிருக்கிறார். புத்தகத்தின் எண்ணில் இருந்த ஒழுங்கு அட்டையின் எண்ணில் இல்லை. இதுதான் நான் அஞ்சியது.

நெய்தல்

ஆம். அட்டை 27 முதலில் ஓர் ஆசிரியையிடம் இருந்தது, அவர் ஊர் மாறினார், இப்போது ஒரு தையல்காரரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டை எண்ணைத் திறவுகோலாக வைத்து, உறுப்பினர் வரியில் பெயரை மட்டும் மாற்றினால், ஆசிரியை படித்த எழுபது புத்தகங்களும் தையல்காரர் படித்தவையாகிவிடும். அவர் கட்டாத தாமதக் கட்டணம் ஏதாவது இருந்தால் அதுவும் இவர் தலையில் விழும். ஆளுக்கு ஓர் எண், அது மறுபடி யாருக்கும் போகாது. அட்டை எண் தனிப் புலம், விலகிய நாளுக்கு `left_on` என்று இன்னொரு புலம். நடப்பில் இருக்கும் இருவர் ஒரே அட்டையை வைத்திருக்கக் கூடாது என்பதற்கு மேலே எழுதிய அதே வடிவம் உதவும்:

```sql
CREATE UNIQUE INDEX one_live_card
  ON member(card_no) WHERE left_on IS NULL;
```

கைபேசி எண்ணை வைத்தால், ஒரே எண்ணைக் கொடுத்திருக்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனி அட்டை கொடுக்க முடியாது. போன் செய்வதற்கு மட்டும் இருக்கட்டும்.

அண்டாகுண்டா

இது எனக்கும் உறைக்கிறது. எங்கள் மென்பொருளில் வாடிக்கையாளரை கைபேசி எண்ணை வைத்துத்தான் பதிவு செய்கிறோம். ஒரு சமையல் மேஸ்திரி மூன்று வீட்டுக் கல்யாணத்துக்கும் தன் எண்ணையே கொடுத்துவிட்டார். முன்பணத்தை யாருக்குத் திருப்புவது என்று போன வாரம்தான் சண்டை.

திண்ணைவாசி

முன்பதிவை நூலோடு இணைத்துவிட்டேன். ஆனால் பைண்டிங்குகளில் நிற்கிறேன். ஒரே தொடர்கதையை இரண்டு பேர் தனித்தனியாகச் சேகரித்துத் தைத்த இரண்டு கட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் 14ஆம் அத்தியாயம் இல்லை. ஆனால் அதில்தான் ஓவியங்கள் எல்லாம் முழுமையாக இருக்கின்றன. இன்னொரு கட்டில் இந்தத் தொடர்கதை முடிந்த பிறகு வேறொரு தொடர்கதையின் பாதி சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. இவை ஒரே நூலின் இரண்டு பிரதிகளா, இரண்டு நூல்களா?

பதிவேடு_பாட்டையா

நான் பணியில் இருந்தபோது ஒவ்வொரு கட்டையும் தனி நூலாகவே எழுதுவேன். தைத்தவர் வேறு, உள்ளடக்கம் வேறு. அச்சகத்திலிருந்து வந்த இரட்டைப் பிரதிகள் போல இவை ஒன்றல்ல.

கோடெழுதி

ஆனால் கேட்பவர் கதையின் பெயரைச் சொல்லித்தானே கேட்பார்? தனி நூல் என்று வைத்தால், ஒரு கட்டு வெளியே இருக்கும்போது இன்னொன்று அலமாரியில் இருப்பது கண்ணில் படாதே. கதை என்று ஓர் அட்டவணை, எந்தக் கட்டில் எந்தக் கதை என்று இன்னோர் அட்டவணை வைத்தால் சரியாகிவிடும். இந்த முறை என் பேச்சில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை.

நெய்தல்

தவறில்லை. கோட்பாட்டின்படி அதுதான் சரியான வடிவம். ஒரு கட்டில் பல கதைகள், ஒரு கதை பல கட்டுகளில். நடுவில் `title_id`, `story_id` இரண்டும் சேர்ந்த கூட்டுத் திறவுகோல் அங்கே இயல்பாகவே பொருந்தும், ஏனென்றால் ஒரு கதை ஒரு கட்டில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே செய்தி, அதற்கு நாளும் இல்லை, மறுமுறையும் இல்லை. ஆனால் 300 கட்டுகளையும் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத யார் உட்காருவார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பாட்டையா சொன்னபடி ஒவ்வொரு கட்டும் ஒரு நூல் என்று தொடங்கி, ‘14ஆம் அத்தியாயம் இல்லை’ என்பதைக் குறிப்பாக எழுதி வைக்கலாம். பின்னாளில் கதை அட்டவணை சேர்க்க இந்த அமைப்பு தடையாக இருக்காது. என்னிடம் இதற்கு இதைவிட உறுதியான விடை இல்லை.

கோடெழுதி

தவணை நீட்டிப்பு வந்தால்? `due_on` தேதியை மாற்றுவதா, பழைய கடனை மூடிப் புதிய வரி எழுதுவதா?

நெய்தல்

நீட்டிப்புக்கு மறுபடி வாடகை வாங்கினால் புதிய வரிதான் என்பேன், இரண்டு வரவுகளை ஒரு வரியில் எழுத முடியாது. பழையதை மூடாமல் புதியதை எழுத நம் குறியீடும் விடாது. வாடகை வாங்காமல் இரண்டு நாள் விட்டுக்கொடுப்பதென்றால் தேதியை மாற்றினால் போதும்.

பதிவேடு_பாட்டையா

புத்தகம் கடைக்கே வராதபோது ‘திரும்பியது’ என்று எழுதுவதை என் கை ஏற்காது. பதிவேடு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

திண்ணைவாசி

மாமா போனிலேயே நீட்டித்துவிட்டுப் பணத்தைப் பிறகு வாங்குவாராம். இரண்டையும் அவரிடம் காட்டிக் கேட்கிறேன்.

இடையில் இன்னொன்று. நேற்று இரவு முதல் இரண்டு அலமாரிகளை உள்ளிட்டேன். ஏறக்குறைய 350ஆவது புத்தகத்தில் `UNIQUE constraint failed: copy.acc_no` என்று நின்றது. நான்தான் தவறாக அடித்தேன் என்று நினைத்துப் பார்த்தால், 1187 என்ற முத்திரை இரண்டு புத்தகங்களில் இருக்கிறது. ஒன்று சமையல் குறிப்பு, இன்னொன்று துப்பறியும் நாவல்.

பதிவேடு_பாட்டையா

முத்திரைக் கட்டையின் சக்கரம் ஒரு பல் சுழலாமல் நின்றிருக்கும். அவ்வாறு வந்தால் 1187 அ என்று எழுதிச் சமாளிக்காதீர்கள். பெரிய பதிவேட்டில் 1187ஆம் வரியில் எந்த நூல் இருக்கிறதோ அதற்கே அந்த எண். மற்றதற்குப் பதிவேட்டின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைக் கொடுத்து, பழைய முத்திரையை ஒரு கோட்டால் அடித்துப் பக்கத்தில் புதியதைக் குத்துங்கள்.

திண்ணைவாசி

பதிவேட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டேன், ஐயா. 1187ஆம் வரியில் ஒரு பயணக் கட்டுரை நூல் இருக்கிறது. அதை இன்னும் அலமாரியில் கண்டுபிடிக்கவில்லை.